கட்டிய லட்சம் எங்கே போனது?

கேள்வி: 10 லட்சம் கடன், ஆண்டுக்கு 12 சதவீதம், 60 மாதம். 12 தவணையில் 2,66,928 கட்டியிருக்கிறேன். அசல் 1,55,285தான் குறைந்திருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. மீதி 1,11,643 வட்டி. கணக்கு சரி.

கேள்வி: எனக்கும் இதே கடன்தான். 12வது தவணையோடு கூடுதலாக 1 லட்சம் கட்டினேன். அது அசலில் கழிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையெழுத்துப் போட்ட அன்று தந்த தவணை அட்டவணையை மட்டும் பார்த்துப் பயனில்லை. அது வெறும் முன்கணக்கு, தானாக மாறாது. கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு வரியிலும் முந்தைய வரியின் நிலுவையில் 1 சதவீதம்தான் வட்டி. முதல் மாதம் 10,000. தவணை 22,244இல் அது போக 12,244 அசலுக்கு, நிலுவை 9,87,756. அடுத்த மாத வட்டி 9,878. இப்படியே 12வது வரி முடிவில் 8,44,715 நிற்கும். உங்கள் லட்சம் வரவானால் 7,44,715. எனவே 13வது வட்டி 7,447 ஆக இருக்க வேண்டும். 8,447 என்றிருந்தால் பணம் அசலைத் தொடவே இல்லை. ஒன்றிரண்டு வித்தியாசம் முழுமையாக்கலில் வருவது, அதை விட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: 'அசலுக்கு' என்று எழுதிக் கொடுக்காத பணத்தை வரப்போகும் தவணைகளுக்கு முன்பணமாக ஒதுக்கிவிடுவார்கள். கடன் கொடுத்தவர் கையில் உங்கள் பணம் சும்மா கிடக்கும், நீங்களோ அதற்கும் சேர்த்து வட்டி கட்டுவீர்கள். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். அதிகமாகப் பிடித்த 1,000 அசலில் குறைந்திருக்க வேண்டியது, ஆகவே அடுத்த மாதம் 1,010 கூடுதலாகப் போகும்.

கட்டிய தேதியிலிருந்தே அசலில் வரவு வைத்து, கூடுதல் வட்டியைத் திருப்பி, புதிய அட்டவணை தரும்படி எழுத்தில் கேளுங்கள். ரசீதின் நகலை இணையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தினசரி நிலுவைக்கு வட்டி போடும் கணக்கில், தவணைக்குப் பிறகு 10 நாள் கழித்துக் கட்டியிருந்தால் அந்த மாதம் மட்டும் வட்டி 7,780 வரும். 10 நாள் பழைய நிலுவைக்கு, 20 நாள் புதியதற்கு. அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: எனக்கும் 10 லட்சம், 12 சதவீதம், 60 மாதம்தான். என் அட்டவணையில் வட்டிக் கட்டத்தில் எல்லா மாதமும் அதே 10,000. அச்சுப் பிழையா?

பிழையில்லை, பிளாட் வட்டி. அசல் குறைந்தாலும் வட்டி முழு 10 லட்சத்துக்கே. தவணை 26,667 என்றிருக்குமே? குறையும் நிலுவைக் கணக்கில் அது ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கும் மேல். மூலையில் தூங்கும் என் டிரெட்மில்லும் இப்படி வந்ததுதான், அதனால் அதிகம் திட்டவில்லை.

கேள்வி: அட்டவணையைத் தொலைத்துவிட்டேன், வட்டி விகிதமும் நினைவில்லை. எவ்வளவு பாக்கி என்று சொல்ல முடியுமா?

முடியாது. ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள்.