ஃபேஸ்புக்கில் மெயிலை மாற்றியதும் வேறொரு தளத்தில் காலிக் கணக்கு திறப்பது ஏன்?

கேள்வி: ஒரு ஆன்லைன் பாடத் தளத்துக்குள் மூன்று வருஷமாக ஃபேஸ்புக் பட்டனை அழுத்தித்தான் போகிறேன், தனியாக பாஸ்வேர்ட் வைத்ததே இல்லை. அடுத்த மாதம் வேலையை விடப்போவதால் ஃபேஸ்புக்கில் இருந்த ஆபீஸ் மெயிலை நீக்கிவிட்டு என் சொந்த மெயிலைப் போட்டேன். இப்போது அதே பட்டனை அழுத்தினால் என் பெயரும் படமும் வருகின்றன, ஆனால் காசு கொடுத்து வாங்கிய பாடங்கள் ஒன்றுகூட இல்லை. பழைய மெயிலையே திரும்பப் போட்டால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு ஃபேஸ்புக்கில் எதையும் தொடாதீர்கள். உங்கள் பாடங்கள் பெரும்பாலும் அழியவில்லை, வேறொரு கணக்கில் அப்படியே இருக்கின்றன. அந்தக் கணக்கின் பெயரில் இருக்கும் ஆபீஸ் மெயில் இன்னும் திறக்கிறது என்றால் இதை இன்றே சரிசெய்துவிடலாம். அந்த மெயில் மூடப்பட்ட பிறகு இதே வேலை பல மடங்கு கடினம், அதனால் அடுத்த மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால்தான் கீழே சொல்லும் வரிசை ஏன் முக்கியம் என்பது புரியும். நீங்கள் பட்டனை அழுத்தியதும் ஃபேஸ்புக் அந்தத் தளத்துக்கு உங்களைப் பற்றி அனுப்பும் தகவல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
{
  "id": "1029384756",
  "email": "new@example.com"
}
```

இதில் `id` என்பது அந்தத் தளத்துக்காக ஃபேஸ்புக் உங்களுக்குக் கொடுத்த எண். நீங்கள் மெயிலை மாற்றினாலும் பெயரை மாற்றினாலும் அது மாறாது. `email` என்பது ஃபேஸ்புக்கில் இப்போது உங்கள் முதன்மை மெயில் எதுவோ அது. ஒழுங்காகக் கட்டிய தளம் உங்களை அந்த எண்ணை வைத்துத்தான் அடையாளம் காணும். கூகுள் தன் லாகின் வசதிக்கான வழிகாட்டியில் இதைத் தெளிவாகவே சொல்கிறது: `sub` என்ற எண்ணால் ஆளைக் கண்டுபிடியுங்கள், மெயிலால் வேண்டாம், ஏனென்றால் ஒரே கணக்கின் மெயில் காலப்போக்கில் மாறலாம். உங்கள் தளம் மெயிலை வைத்துத் தேடியிருக்கிறது. புதிய மெயிலில் யாரும் இல்லை, சரி, புது ஆள்தான் வந்திருக்கிறார் என்று முடிவுசெய்து புதிதாக ஒரு கணக்கைத் திறந்துவிட்டது. பெயரும் படமும் ஃபேஸ்புக்கிலிருந்து வருவதால் பார்க்க உங்கள் பழைய கணக்கு மாதிரியே இருக்கிறது, அவ்வளவுதான். இது உங்கள் தவறே இல்லை.

நான் சொல்வது சரிதானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காலிக் கணக்கின் செட்டிங்ஸ் பக்கத்தில் மெயில் முகவரியையும், இருந்தால் சேர்ந்த தேதியையும் பாருங்கள். புதிய மெயிலும் சமீபத்திய தேதியும் இருந்தால் இது புதுக் கணக்கு. மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி இருந்தால் சிக்கல் வேறு, சந்தா முடிந்ததா என்று அங்கே தேடுங்கள்.

பழைய மெயிலைத் திரும்பப் போடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். சில தளங்களில் அது பலிக்கும், ஆனால் நம்பி இறங்க முடியாது. பல தளங்கள் ஆரம்பத்தில் மெயிலை மட்டும் சேமித்துவைத்தன, பிற்பாடுதான் எண்ணையும் சேமிக்கத் தொடங்கின. உங்கள் பழைய கணக்கில் எண்ணே பதிவாகாமல் இருந்து, போன வாரம் திறந்த காலிக் கணக்கில் அது பதிவாகியிருந்தால், ஃபேஸ்புக்கில் எந்த மெயிலைப் போட்டாலும் அந்தப் பட்டன் உங்களைக் காலிக் கணக்குக்குத்தான் கொண்டுபோகும்.

அதைவிட நல்ல வழி, ஃபேஸ்புக்கை ஓரமாக வைத்துவிட்டுப் பழைய கணக்குக்குள் நேராகப் போவது. முதலில் உங்கள் போனில் அந்தத் தளத்தின் ஆப் இருக்கிறதா, அதில் பழைய பாடங்கள் இன்னும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் லாக்அவுட் செய்துவிடாதீர்கள், பழைய கணக்கின் கதவு அங்கே இன்னும் திறந்திருக்கிறது. அப்புறம் கணினியில் பிரவுசரின் பிரைவேட் விண்டோவைத் திறந்து (சாதாரண விண்டோவில் காலிக் கணக்கு லாகின் ஆகியே இருந்து குழப்பும்) தளத்தின் "Forgot password" பகுதியில் ஆபீஸ் மெயிலைக் கொடுங்கள். பாஸ்வேர்டே வைக்காத கணக்குக்கு எப்படி என்று தோன்றும், ஆனாலும் நிறைய தளங்கள் அந்த மெயிலுக்கு ஒரு இணைப்பு அனுப்பிப் புதிதாக பாஸ்வேர்ட் வைத்துக்கொள்ள விடும். அதை வைத்து உள்ளே போனால் உங்கள் பாடங்கள் அங்கே இருக்கும்.

உள்ளே போனதும் அவசரப்பட்டு அங்கே சொந்த மெயிலைப் போட்டால், இந்த மெயில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்துவிடும், ஏனென்றால் அதைக் காலிக் கணக்கு பிடித்துவைத்திருக்கிறது. ஆகவே முதலில் காலிக் கணக்குக்குப் போய் அதில் வாங்கியது எதுவும் இல்லை என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, அதன் செட்டிங்ஸ் பக்கத்திலேயே ஃபேஸ்புக் இணைப்பைத் துண்டித்து, அந்தக் கணக்கை நீக்குங்கள். நீக்க வழியில்லையென்றால் அதற்கு உங்களிடம் இருக்கும் வேறொரு மெயிலைக் கொடுத்து சொந்த மெயிலை விடுவியுங்கள். அதன் பிறகு பழைய கணக்கில் மெயிலை மாற்றி, புதிய மெயிலுக்கு வரும் உறுதிப்படுத்தும் இணைப்பை அழுத்தி, கடைசியாக ஃபேஸ்புக்கை இணையுங்கள். இப்போது வைத்த பாஸ்வேர்டை அப்படியே வைத்திருங்கள், அடுத்த முறை ஃபேஸ்புக்கில் எது மாறினாலும் உள்ளே போக ஒரு வழி இருக்கும்.

சில தளங்கள், இது ஃபேஸ்புக் மூலம் திறந்த கணக்கு, பாஸ்வேர்ட் கிடையாது என்று சொல்லி மெயிலே அனுப்பாது. அப்போது உதவிக் குழுவுக்கு எழுதத்தான் வேண்டும். வெறுமனே "லாகின் ஆகவில்லை" என்று எழுதினால் ஃபேஸ்புக் பட்டனை மறுபடி அழுத்தச் சொல்லிப் பதில் வரும். ஒரே ஃபேஸ்புக் கணக்கால் இரண்டு கணக்குகள் உருவாகிவிட்டன, பழையது இந்த மெயிலில், புதியது இந்த மெயிலில், பாடங்கள் பழையதில் இருக்கின்றன, ஃபேஸ்புக் இணைப்பைப் பழையதற்கு மாற்றுங்கள் என்று எழுதுங்கள். பணம் கட்டிய ரசீது எண்ணையும் சேருங்கள். முடிந்தால் ஆபீஸ் மெயிலிலிருந்தே அனுப்புங்கள், அதுவே நல்ல ஆதாரம். அவர்கள் ஆதாரம் கேட்டால் கோபப்படாதீர்கள். மெயில் பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பிக் கணக்கைத் திறந்துவிடுவது ஆபத்து. 2023 ஜூனில் வெளியே வந்த nOAuth என்ற பாதுகாப்பு ஓட்டை அதுதான்: மைக்ரோசாப்ட் லாகினில் ஒருவர் தன் கணக்கின் மெயிலாக இன்னொருவர் முகவரியைப் போட்டுக்கொண்டு, மெயிலை மட்டும் பார்க்கும் தளங்களில் அந்த இன்னொருவராகவே நுழைய முடிந்தது. ஆனால் ஃபேஸ்புக் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், இந்த வேலைக்கு அவை தேவையே இல்லை.

இதெல்லாம் முடிகிறவரை ஃபேஸ்புக்கின் "Apps and websites" பட்டியலிலிருந்து அந்தத் தளத்தை நீக்க வேண்டாம். நீக்கிவிட்டுத் திரும்ப இணைத்தால் சரியாகும் என்று பலர் சொல்வார்கள், ஆனால் அதனால் பழைய கணக்கு திரும்பி வராது, அனுமதி கேட்கும் பக்கம் மட்டும்தான் மறுபடி வரும். நீங்கள் நீக்கிய செய்தி ஃபேஸ்புக் வழியாக அந்தத் தளத்துக்கும் போகலாம், அதைப் பார்த்து அவர்கள் உங்கள் பதிவுகளை என்ன செய்வார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

ஆனால் அந்தப் பட்டியலைப் பார்ப்பதில் தவறில்லை, கட்டாயம் பாருங்கள். அதில் இருக்கும் மற்ற தளங்கள் சிலவற்றில் லாகின் ஒழுங்காக நடந்தாலும், முதல் நாள் பதிந்த ஆபீஸ் மெயில்தான் உள்ளே இன்னும் இருக்கும், ரசீதும் எச்சரிக்கையும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கும். ஆபீஸ் மெயில் கையில் இருக்கும்போதே ஒவ்வொன்றாகத் திறந்து முகவரியை மாற்றிவிடுங்கள், பணம் சம்பந்தப்பட்டவற்றை முதலில்.