பணம் கொடுக்கும் முன் பில்லைப் படிப்பது: வெளிநாட்டு உணவகங்கள் பற்றிய கேள்வி பதில்

பல ஆண்டுகள் உணவகக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால், பயணத்தில் இருக்கும் நண்பர்கள் பில்லைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. இம்முறை வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: லண்டனில் சாப்பிட்டு முடித்துவிட்டு மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். பில்லில் உணவு 64.00, சேவைக் கட்டணம் 12.5 சதவீதம் என்று 8.00, மொத்தம் 72.00. அதற்கும் கீழே வாட் 10.67 என்று இருக்கிறது. பணியாளர் 72 பவுண்டுதான் கேட்கிறார். வரியைக் கூட்ட மறந்துவிட்டாரா? நாமே சொல்லிவிடலாமா?

பதில்: அவர் எதையும் மறக்கவில்லை, 72 பவுண்டு மட்டும் கொடுங்கள். பிரிட்டனில் உணவுப் பட்டியலில் அச்சிட்டிருக்கும் விலைக்குள்ளேயே வாட் அடங்கியிருக்கும். அடியில் உள்ள அந்த எண், நீங்கள் கொடுக்கும் தொகையில் எவ்வளவு அரசுக்குப் போகிறது என்பதைத் தெரிவிக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் படத்தில் அந்த 10.67தான் மிகவும் பயனுள்ள எண். வாட் 20 சதவீதம் என்றாலும் அது விலைக்குள் அடங்கியிருப்பதால், மொத்த விலையில் ஆறில் ஒரு பங்குதான் வரியாகும். 64ஐ ஆறால் வகுத்தால் 10.67 வருகிறது, 72ஐ ஆறால் வகுத்தால் 12.00 வந்திருக்கும். அதாவது, உணவின் விலைக்கு மட்டும் வரி கணக்கிட்டிருக்கிறார்கள். சேவைக் கட்டணத்தைத் தொடவில்லை. விருப்பத்தின்பேரில் கொடுக்கப்படும் சேவைக் கட்டணத்துக்கு அங்கே வாட் கிடையாது, கட்டாயமாக வசூலிக்கப்படும் கட்டணத்துக்கு உண்டு. ஆகவே அந்த 8 பவுண்டு உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது என்பதை உணவகத்தின் கணக்கே ஒப்புக்கொள்கிறது. பில்லில் விருப்பத்துக்கு உட்பட்டது என்று பொருள்படும் 'டிஸ்கிரீஷனரி' என்ற சொல் சேவைக் கட்டணத்துக்கு அருகில் மங்கலாக அச்சாகியிருக்கிறதா என்றும் பெரிதாக்கிப் பாருங்கள்.

பரிமாறியது உங்களுக்குத் திருப்தியாக இல்லையென்றால், கார்டைக் கொடுப்பதற்கு முன்பே, "சேவைக் கட்டணத்தை நீக்கிவிட்டு வேறு பில் தாருங்கள்" என்று சொல்லலாம். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. அவர்களுக்கு அது அன்றாட வேலை. திருப்தியாக இருந்தால் 72ஐக் கொடுத்துவிட்டு, கார்டு இயந்திரத்தின் திரை மறுபடியும் டிப் கேட்டால் வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள். சேவைக் கட்டணம் பில்லில் ஏற்கெனவே ஏறியிருக்கும்போது அதற்கு மேல் கொடுக்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கேள்வி: சேவைக் கட்டணம் எல்லாமே முதலாளியின் பைக்குத்தான் போகிறது. அதனால் எந்த நாட்டுக்குப் போனாலும் அதை நீக்கச் சொல்லிவிட்டுப் பரிமாறியவர் கையில் ரொக்கமாகக் கொடுக்கிறேன். இதுதானே சரி?

பதில்: உங்கள் கவலை நியாயமானது, ஆனால் 'எந்த நாட்டுக்குப் போனாலும்' என்பதுதான் பொருந்தவில்லை. பிரிட்டனில் 2023இல் இயற்றப்பட்டு 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, டிப்பாகவோ சேவைக் கட்டணமாகவோ வரும் தொகையை உணவகம் தனக்கென்று பிடித்துக்கொள்ளாமல் ஊழியர்களுக்கு நியாயமாகப் பங்கிட வேண்டும். அந்தப் பங்கீட்டில் சமையலறையில் பாத்திரம் கழுவுபவருக்கும் ஒரு பங்கு கிடைக்கக்கூடும். நீங்கள் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு அது போய்ச் சேருமா என்பது அந்தந்த உணவகத்தின் பழக்கத்தைப் பொறுத்தது. ஆகவே எது நல்லது என்று என்னால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுப்பதே சரி.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே சேவைக் கட்டணம் உணவகத்தின் வருவாய். அதை அப்படியே ஊழியர்களிடம் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கே நீங்கள் சொல்வது பெருமளவு உண்மைதான். ஆனால் பட்டியலிலேயே அறிவித்துவிட்டு வசூலிப்பதால், லண்டனில் போல எளிதாக நீக்கித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: அதே சிங்கப்பூரில்தான் எனக்குச் சிக்கல். உணவு 80 வெள்ளி. சேவைக் கட்டணம் 10, ஜிஎஸ்டி 9, ஆக 19 சதவீதம். எனக்கு 95.20தான் வருகிறது. பில்லில் 95.92. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. இரண்டு சதவீதத்தையும் கூட்டிவிட்டீர்கள். அங்கே ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகிறது. முதலில் 80க்குச் சேவைக் கட்டணம் 8.00 சேர்ந்து 88.00 ஆகிறது. அந்த 88க்குத்தான் 9 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 7.92. மொத்தம் 95.92. ஜிஎஸ்டி 9 சதவீதமானது 2024 ஜனவரி 1இல். பழைய பயணக் குறிப்புகளில் 7 அல்லது 8 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

உணவுப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் '++' என்று இருந்தால் இவ்விரண்டும் பின்னால் ஏறும் என்று பொருள். மனக்கணக்காக, விலையோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொண்டால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். தனியாக டிப் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. நீங்கள் கேட்காமலேயே மேசையில் வைத்த வேர்க்கடலையும் ஈரத்துண்டும் பில்லில் தனித்தனியாக விலை போடப்பட்டு வந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். தொடவில்லை என்றால் பணம் கொடுக்கும் முன் சொல்லி நீக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: நியூயார்க்கில் எட்டுப் பேர் சாப்பிட்டோம். உணவு 240.00, வரி 21.30, 'கிராஜுவிட்டி' 18 சதவீதம் என்று 43.20, மொத்தம் 304.50. கையெழுத்துப் போடும் சீட்டில் டிப் என்ற இடம் காலியாக இருந்ததால், 20 சதவீதம் என்று 60.90 எழுதிக் கையெழுத்திட்டேன். நேற்று இரவு நடந்தது. படம் மட்டும் இருக்கிறது. சரியாகத்தானே செய்தேன்?

பதில்: வருத்தத்தோடு சொல்கிறேன், டிப் இரண்டு முறை போயிருக்கிறது. 'கிராஜுவிட்டி' என்றால் நமக்கு ஓய்வுபெறும்போது கிடைக்கும் பணிக்கொடைதான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க பில்லில் அது டிப்பையே குறிக்கும். ஆறு பேர், எட்டுப் பேர் என்று கூட்டமாகப் போனால் பல உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்த்துவிடுகின்றன. உங்கள் பில்லில் அந்த 43.20தான் டிப். வரி சரியாகவே இருக்கிறது: நியூயார்க் நகரில் 8.875 சதவீதம், 240க்கு 21.30. இரண்டாவது முறை எழுதிய 60.90ஐயும் சேர்த்தால், 240 டாலர் உணவுக்கு 104.10 டாலர் டிப் கொடுத்திருக்கிறீர்கள். அதுவும் இரண்டாவது டிப்பை, வரியும் முதல் டிப்பும் சேர்ந்த தொகையின் மேல் கணக்கிட்டிருக்கிறீர்கள்.

இதைச் சரிசெய்ய இன்னும் வழி இருக்கலாம். அங்கே கார்டைத் தேய்க்கும்போது முதலில் 304.50க்கு அனுமதி மட்டும் வாங்குவார்கள். நீங்கள் எழுதிய டிப்பைப் பிறகுதான் கணினியில் சேர்த்து வங்கிக்கு அனுப்புவார்கள். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியில் இன்னும் 304.50 என்றே இருந்தால், உடனே உணவகத்தைத் தொலைபேசியில் அழைத்து மேலாளரிடம் பேசுங்கள். பில், கையெழுத்திட்ட சீட்டு இரண்டின் படங்களும் இருப்பது நல்லது. தொகை 365.40 ஆக மாறிவிட்டால் பணத்தைத் திரும்பப் பெற அவர்களுடைய மனம் வேண்டும். கையெழுத்து உங்களுடையது என்பதால் வங்கியில் முறையிட்டு வெல்வது கடினம்.

எனக்கும் ஒருமுறை இதே தவறு நேர்ந்தது. பில்லை மடித்துக் கொடுத்திருந்தார்கள். நான் விரித்துப் பார்க்காமல் சீட்டில் மட்டும் எழுதினேன். அன்றிலிருந்து பில்லை மேசையில் முழுவதும் விரித்து, மேலிருந்து அடிவரை ஒரே படமாக எடுத்துப் படித்த பிறகுதான் பேனாவைத் தொடுகிறேன். கிராஜுவிட்டி ஏற்கெனவே இருந்தால், டிப் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்து, மொத்தத்தில் பில் தொகையையே எழுதிவிடுங்கள். காலியாக விடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் பில்லில் கிராஜுவிட்டி இல்லாதபோது டிப் வரிக்கு முன்னுள்ள தொகைக்கா, வரி சேர்ந்த தொகைக்கா?

பதில்: அமெரிக்கர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. வரிக்கு முன்னுள்ள தொகைக்குக் கொடுப்பதையே நான் சரி என்று நினைக்கிறேன், ஏனென்றால் வரியைப் பரிமாறுபவர் சமைக்கவோ சுமக்கவோ இல்லை. பில்லின் அடியில் 18, 20, 22 என்று அச்சிட்டுத் தரும் தொகைகள் சில இடங்களில் வரி சேர்ந்த தொகையின் மேல் கணக்கிடப்பட்டிருக்கும். உணவு 100 டாலர் என்றால் 20 சதவீதம் 20.00 ஆக இருக்க வேண்டும், 21.78 என்றிருந்தால் வரியையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த வேறுபாட்டுக்காகச் சண்டை போட வேண்டியதில்லை. தொகையை நீங்களே எழுதிவிடலாம். ஆனால் டிப்பே கொடுக்காமல் எழுந்து வராதீர்கள். கூட்டாட்சிச் சட்டப்படி டிப் பெறும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய அடிப்படைக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். மாநிலங்கள் பலவற்றில் இது கூடுதலாக இருந்தாலும், அவர்களுடைய வருமானத்தின் பெரும்பகுதி மேசையிலிருந்தே வருகிறது.

கேள்வி: நீங்கள் டிப் பற்றியே பேசுகிறீர்கள். வெனிஸில் நாங்கள் தொடாத ரொட்டிக்கு நான்கு பேருக்கு 12 யூரோ டிப் போட்டிருக்கிறார்கள். 'கோபெர்த்தோ' என்று இருக்கிறது. அதை எப்படித் திரும்ப வாங்குவது?

பதில்: அது டிப் இல்லை அம்மா, ரொட்டியின் விலை என்றும் சொல்ல முடியாது. மேசையில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று இத்தாலியில் வாங்கும் இருக்கைக் கட்டணம். உங்கள் பில்லில் தலைக்கு 3.00 வீதம் நான்கு பேருக்குப் போட்டிருக்கிறார்கள். ரொட்டியைத் தொடாவிட்டாலும் அது குறையாது. அந்தத் தொகை உணவுப் பட்டியலில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் கேள்வி கேட்கலாம். மற்றபடி சரிபார்க்க வேண்டியது எண்ணிக்கையைத்தான்: நான்கு பேர் உட்கார்ந்தீர்களா, ஐந்து என்று போட்டிருக்கிறார்களா?

கேள்வி: பில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் கார்டு இயந்திரம் பவுண்டா, நம் நாட்டுப் பணமா என்று கேட்டது. புரியும்படி இருக்கட்டும் என்று நம் பணத்தைத் தேர்ந்தெடுத்தேன். வங்கிக் கணக்கில் அதிகமாகப் போயிருக்கிறது.

பதில்: தம்பி, அந்தக் கேள்விக்கு எப்போதும் பில்லில் உள்ள நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். நம் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை முடிவு செய்வது உங்கள் வங்கி இல்லை. இயந்திரத்தின் பின்னால் இருக்கும் நிறுவனம் தன் லாபத்தையும் சேர்த்து மாற்றுகிறது. பவுண்டைத் தேர்ந்தெடுத்தாலும் உங்கள் வங்கி அயல்நாட்டுப் பரிமாற்றக் கட்டணம் பிடிக்கலாம் என்றாலும், பெரும்பாலும் அதுவே குறைவாக இருக்கும். சில இடங்களில் உங்களைக் கேட்காமல் பணியாளரே பொத்தானை அழுத்திவிடுவார். ஆகையால் இயந்திரத்தை உங்கள் கையில் வாங்கித் திரையைப் பாருங்கள். சீட்டில் நம் நாட்டுப் பணத்தில் தொகை வந்துவிட்டால், எழுந்திருக்கும் முன்பே அந்தப் பரிவர்த்தனையை ரத்து செய்துவிட்டு பவுண்டில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ரத்து செய்த சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே கணக்கில் ஏறிவிட்டால் வங்கி முதலில் கேட்பது அந்த ரத்துச் சீட்டைத்தான்.