செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவது ஏன்?

கேள்வி: கண்ணாடியில் பார்த்தால் முகம் சரியாக இருக்கிறது. செல்ஃபி எடுத்தால் மட்டும் மூக்கு பெரிதாக, முகம் ஒடுங்கித் தெரிகிறது. எதுதான் என் உண்மையான முகம்?

கண்ணாடியில் பார்ப்பதுதான் மற்றவர்கள் உங்களைப் பார்ப்பதற்கு அருகில் வரும். செல்ஃபியில் மூக்கைப் பெரிதாக்குவது, போனை நீங்கள் பிடிக்கிற தூரம்.

அம்பாசமுத்திரத்தில் இருபது வருடத்துக்கு மேலாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வரன் பார்க்கப் போட்டோ எடுக்க வருகிற பிள்ளைகள் இதே கவலையோடுதான் வருகிறார்கள். போன ஆனி மாதம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பிள்ளை அத்தையோடு வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குச் செல்ஃபி ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்து அங்கே யாரோ மூக்கைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டார்கள். "ஆப்பரேசனுக்கு எவ்வளவு ஆகும்னு விசாரிச்சிக்கிட்டு இருக்கா அண்ணாச்சி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்றார் அத்தை. எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த மூக்கில் ஒரு குறையும் இல்லை.

என் கேமராவை நான் எடுக்கவே இல்லை. அந்தப் பிள்ளையின் போனையே வாங்கி, பின்பக்கக் கேமராவில் 1x வைத்து, கண் மட்டத்தில் இரண்டு படம் எடுத்தேன். முதலாவது மூக்கு நுனியிலிருந்து 30 செ.மீ. தள்ளி, முழங்கை மடங்கியபடி செல்ஃபி எடுத்தால் போன் அங்கேதான் இருக்கும். இரண்டாவது 150 செ.மீ., அதாவது ஐந்தடி. தூரத்துப் படத்தில் முகம் சின்னதாக விழும் என்பதால் அதை வெட்டிப் பெரிதாக்கி, இரண்டிலும் கன்னத்துக்குக் கன்னம் 10 செ.மீ. வருகிற மாதிரி பிரிண்ட் போட்டு, ஸ்கேலைக் கையில் கொடுத்தேன். மூக்கின் அகலம் ஐந்தடிப் படத்தில் 29 மி.மீ., கிட்டத்துப் படத்தில் 34 மி.மீ. அதே பிள்ளை, அதே போன், அதே நாற்காலி.

காரணம் எளிய கணக்குதான். பெரியவர்கள் முகத்தில் மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே முன்பின்னாகச் சுமார் 12 செ.மீ. ஆழம் இருக்கிறது. போன் 30 செ.மீ. தள்ளி இருந்தால் காது 42 செ.மீ. தள்ளி இருக்கும். பக்கத்தில் இருப்பது பெரிதாக விழும் என்பதால், காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதியும். ஐந்தடியில் நின்றால் மூக்கு 150, காது 162. அப்போது வித்தியாசம் 1.08 மடங்குதான். கன்னம் காதைவிட முன்னால் இருப்பதால் கன்னத்தோடு அளந்தால் வித்தியாசம் குறையும்; என் பிரிண்டில் அது 5 மி.மீட்டராக நின்றது அதனால்தான். 2018இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதற்கு ஒரு கணித மாதிரி செய்து வெளியிட்டார்கள். 12 அங்குலத்தில் எடுக்கிற செல்ஃபியில், ஐந்தடியில் எடுப்பதைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. செல்ஃபியைக் காட்டி மூக்கு ஆப்பரேஷன் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்வதற்காகவே அந்த வேலையைச் செய்தார்கள்.

"போன் லென்ஸ் மோசம், பெரிய கேமரா லென்ஸ்தான் முகத்தை அழகாக்கும்" என்று எங்கள் தொழிலிலேயே பலர் சொல்வார்கள். லென்ஸுக்கு அதில் நேரடிப் பங்கு இல்லை. 85 மி.மீ. லென்ஸ் போட்டால் முகமும் தோளும் சட்டத்துக்குள் அடங்க நான் ஆறேழு அடி பின்னால் போயாக வேண்டும்; அந்தத் தூரம்தான் முகத்தைச் சரியாக்குகிறது. போனின் அகல லென்ஸ் உங்களைக் கிட்டே இழுக்கிறது, அவ்வளவே. லென்ஸ் தானாகச் செய்கிற கோளாறு ஒன்று உண்டு. கூட்டமாக எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவர் முகம் வெளிப்பக்கமாக இழுபட்டு அகலமாக விழும். 0.5 வைத்தால் அது இன்னும் மோசம்.

இனி கண்ணாடிக்கு வருகிறேன். கண்ணாடியிலிருந்து இரண்டரை அடி தள்ளி நின்றால், உங்கள் உருவம் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு இரண்டரை அடியில் இருக்கிறது. ஆக உங்களை நீங்கள் ஐந்தடியிலிருந்து பார்க்கிறீர்கள். எதிரே நின்று பேசுகிறவரும் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் நிற்பார். ஒரே வித்தியாசம், கண்ணாடியில் இடம் வலம் மாறியிருக்கும். யாருக்கும் இரண்டு பக்கமும் ஒரே அச்சாக இருக்காது என்பதால், திருப்பாத படத்தில் உங்கள் முகமே உங்களுக்குக் கொஞ்சம் கோணலாகப் படும். மற்றவர்கள் பார்த்துப் பழகியது அந்தத் திருப்பாத முகத்தைத்தான்.

கோணமும் தூரத்தோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. 30 செ.மீ. தூரத்தில் போனைக் கண்ணுக்கு மேலே அரை அடி அளவு தூக்கிப் பிடித்தால் நெற்றி போனிலிருந்து சுமார் 32 செ.மீ., தாடை 40 செ.மீ. நெற்றியும் கண்ணும் பெரிதாகி, தாடை ஒடுங்கிவிடும். கீழிருந்து பிடித்தால் தாடையும் மூக்குத் துவாரமும் முன்னால் வரும். ஐந்தடியில் அதே அளவு தூக்கினால் வித்தியாசம் இரண்டு செ.மீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது.

அந்தப் பிள்ளை அனுப்பிய செல்ஃபியை வாங்கிப் பார்த்தேன். இரண்டு காதும் கன்னத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தன. மிகக் கிட்டத்தில் எடுத்ததற்கு அதுவே அடையாளம். உங்கள் படத்திலும் முதலில் காதைப் பாருங்கள். அடுத்து, மூக்கின் நிழல் மேலுதட்டில் கட்டியாக விழுந்திருந்தது. உச்சிக் கூரையில் பல்பு எரிகிற அறையில், அதற்கு நேர்கீழே நின்று எடுத்திருக்கிறது. மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்தால் கண்குழி இருண்டு, மூக்கின் முதுகு மட்டும் பளபளக்கும். உள்ளதைவிட மூக்கு முன்னால் துருத்தி நிற்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். தூரம் செய்த கோளாறின் மேல் இது இன்னொரு பங்கு.

வீட்டில் எடுக்கச் சொன்னால் நான் தார்சாவைத்தான் சொல்வேன். மேலே கூரை இருப்பதால் உச்சி வெயில் விழாது, தெருப் பக்கம் திறந்திருப்பதால் வெளிச்சம் அகலமாக, மிருதுவாக முகத்துக்கு வரும். தெருவைப் பார்த்து, வாசலிலிருந்து இரண்டடி உள்ளே நில்லுங்கள். தென்காசிப் பக்கம் சாரல் விழுகிற நாளில் மேகமே திரை கட்டிய மாதிரி இருக்கும். அன்றைக்கு முற்றத்திலேயே எடுக்கலாம். போனைக் கண் மட்டத்துக்கு ஜன்னல் கம்பியிலோ அலமாரித் தட்டிலோ சாய்த்து, ஐந்தடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில் 2x இருந்தால் அதையும், இல்லாவிட்டால் 1x-ம் வைத்து, டைமர் போட்டு எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். முகத்தை வழவழப்பாக்குகிற பியூட்டி வசதியை நிறுத்திவிடுங்கள். சில போன்களில் அது மூக்கையும் தாடையையும் சேர்த்தே மாற்றிவிடும்.

அதற்காகப் பத்துப் பதினைந்தடி தள்ளியும் போக வேண்டாம். அவ்வளவு தூரத்தில் முகத்தின் ஆழம் தட்டையாகி, காது விரிந்து, கன்னம் அகன்று தெரியும். மெலிந்த முகக்காரர்கள் சிலருக்கு அது பொருந்தும், உருண்டை முகத்துக்குப் பொருந்தாது. ஐந்திலிருந்து ஏழடி வரை என் கைக்கு ஒத்து வந்த அளவு.

அந்தப் பிள்ளை ஸ்கேலைப் பிரிண்டில் வைத்து மூன்று தடவை அளந்து பார்த்தது. பிறகு ஐந்தடிப் படத்தை அத்தையிடம் நீட்டி, "இதையே அனுப்புங்க அத்தை" என்றது. புதிதாகப் படம் எடுக்கும் வேலையே எனக்கு வரவில்லை.