பவுலர் கணக்கில் குறையும் 11 ரன்

கேள்வி: எங்கள் பகுதி லீக் மேட்சில் ஸ்கோர் எழுத ஆள் இல்லை என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். இன்னிங்ஸ் முடிந்தபோது மொத்தம் 138. ஆனால் பவுலர்கள் கொடுத்த ரன்களைக் கூட்டினால் 127தான் வருகிறது. எக்ஸ்ட்ராவில் வைடு 9, நோ பால் 2, பை 4, லெக் பை 7 என்று எழுதியிருக்கிறேன். அந்த லெக் பையில் ஒரு ஃபோர், பேட்ஸ்மேன் மட்டையைத் தூக்கிக்கொண்டு காலை மட்டும் நீட்டியதில் வந்தது. அம்பயர் ஒன்றும் காட்டவில்லை, நானே போட்டுவிட்டேன். எங்கே தப்பு செய்தேன்? பையும் லெக் பையும் யார் தலையில் விழும்?

பதில்: உங்கள் கூட்டலில் தப்பு இல்லை. 138க்கும் 127க்கும் இடையே இருக்கும் 11, உங்கள் பை 4, லெக் பை 7தான். இரண்டும் அணியின் மொத்தத்தில் சேரும், பவுலர் கணக்கில் சேராது. அதனால் அந்த இடைவெளி இருந்தே ஆக வேண்டும். இல்லாமல் இருந்திருந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

வைடும் நோ பாலும் பவுலர் செய்த பிழை என்பதால் அவர் கணக்கில் ஏறும். பை என்பது மட்டையிலும் படாமல் உடம்பிலும் படாமல் போன பந்தில் ஓடிய ரன். லெக் பை என்பது உடம்பில் பட்டுப் போனதில் வந்தது. (பெயர்தான் லெக். ஹெல்மெட்டில் பட்டாலும், வயிற்றில் பட்டாலும் லெக் பைதான். ஆனால் மட்டையைப் பிடித்திருக்கும் கையின் கிளவுஸ் மட்டையாகவே கருதப்படும், அதில் பட்டால் ரன் பேட்ஸ்மேனுக்கு.) இரண்டிலும் பவுலர் வீசியது முறையான பந்து, மட்டையை ஏமாற்றிய பந்து. அதற்குத் தண்டனை கொடுப்பது நியாயமில்லை என்பதுதான் கணக்கின் அடிப்படை. ஓவரில் வேறு ரன் இல்லாமல் நான்கு லெக் பை மட்டும் போயிருந்தால், பவுலருக்கு அது மெய்டன் ஓவர்தான். மைதானத்தில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

பேட்ஸ்மேனுக்கும் அந்த ரன் கிடையாது. ஆனால் பந்து மட்டும் அவர் சந்தித்த பந்தாக எண்ணப்படும், ஓவரின் ஆறு பந்துகளிலும் ஒன்றாகும். ஸ்கோர் புத்தகத்தில் பைக்கு நிமிர்ந்த முக்கோணம், லெக் பைக்குத் தலைகீழ் முக்கோணம் போட்டு, உள்ளே எத்தனை ரன் என்று எழுதுவது வழக்கம். பவுலர் கட்டத்தில் முக்கோணம் இருந்தால் கூட்டும்போது தாண்டிப் போக வேண்டும் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஒரு நிஜ ஓவரை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 2022 அக்டோபர் 23, மெல்போர்ன், டி20 உலகக் கோப்பை, இந்தியா – பாகிஸ்தான். கடைசி ஓவரில் இந்தியாவுக்கு 16 ரன் வேண்டும், பந்து முகமது நவாஸ் கையில். முதல் பந்தில் ஹர்திக் பாண்டியா கேட்ச். அடுத்ததில் தினேஷ் கார்த்திக் ஒரு ரன், அதற்கடுத்ததில் கோலி இரண்டு. அப்புறம் இடுப்புக்கு மேலே வந்த ஃபுல் டாஸ், கோலி சிக்ஸர் அடித்தார், அது நோ பால் என்றும் ஆனது. அங்கே ஏழு ரன். அடுத்தது வைடு, ஒன்று. ஃப்ரீ ஹிட் அப்படியே நின்றது.

அந்த ஃப்ரீ ஹிட்டில் பந்து கோலியின் ஸ்டம்பில் பட்டு தேர்ட் மேன் பக்கம் ஓடியது. கோலியும் கார்த்திக்கும் மூன்று ரன் ஓடிவிட்டார்கள். பாகிஸ்தான் வீரர்கள் அம்பயர்களைச் சூழ்ந்துகொண்டு, ஸ்டம்பில் பட்டதும் பந்து செத்துவிட்டதே என்று கேட்டார்கள். ஃப்ரீ ஹிட்டில் போல்ட் அவுட் கிடையாது, அவுட் இல்லை என்றால் பந்தும் சாகாது. மட்டையில் படவில்லை, உடம்பில் படவில்லை, எனவே மூன்று பை.

பிறகு கார்த்திக் ஸ்டம்பிங் ஆனார். ஒரு பந்தில் இரண்டு வேண்டும் என்ற நிலையில் உள்ளே வந்த அஸ்வின், லெக் பக்கம் போன பந்தை அசையாமல் விட்டு வைடு வாங்கினார், அடுத்த பந்தைத் தூக்கி அடித்து ஒரு ரன் எடுத்து ஆட்டத்தை முடித்தார். இப்போது நவாஸின் கட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். 1, 2, 7, 1, அப்புறம் பை மூன்றைத் தாண்டி, 1, 1. ஆக 13. ஸ்கோர் போர்டில் ஏறியது 16, நவாஸ் கொடுத்தது 13. அந்த மூன்று ரன் கோலி அடித்த 82இலும் இல்லை. அது `b` என்ற எழுத்துக்கு எதிரே மட்டும் இருக்கிறது.

“அப்போ கீப்பர்தானே கொடுத்தது?” என்று உங்கள் ஊரிலும் யாராவது கேட்டிருப்பார்கள். பேச்சுவழக்கில் பையைக் கீப்பர் கணக்கில் சேர்ப்பார்கள், சில புள்ளிவிவரக்காரர்கள் தனியாகக் குறித்தும் வைப்பார்கள். ஆனால் ஸ்கோர் புத்தகத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. இருக்காமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். 2007 டிசம்பரில் பெங்களூரு டெஸ்டில் பாகிஸ்தான் எடுத்த 537 ரன்னில் எக்ஸ்ட்ரா மட்டும் 76. அதில் பை 35, லெக் பை 26, நோ பால் 15. தோனி ஆடாததால் கீப்பர் இதே தினேஷ் கார்த்திக்தான். பந்து தாறுமாறாகத் தாழ்ந்தும் எழும்பியும் வந்த ஆடுகளம் அது. முப்பத்தைந்தையும் கீப்பர் தலையில் கட்டினால் ஆடுகளத்தின் பங்கை யார் கணக்கில் எழுதுவது?

அந்த இன்னிங்ஸை வைத்தே உங்கள் சரிபார்ப்பைப் பழகிக்கொள்ளலாம். 537இல் பை, லெக் பை 61ஐக் கழித்தால் 476. இந்தியப் பவுலர்கள் கொடுத்ததைக் கூட்டினால் அந்த எண் வர வேண்டும். நோ பால் 15ஐக் கழிக்கக் கூடாது, அது பவுலர்களுடையது. பேட்ஸ்மேன்களுக்கு மட்டும் முழு 76ஐயும் கழிக்க வேண்டும், 461 வரும். உங்கள் புத்தகத்தில் பவுலர் பக்கம் 127 வந்துவிட்டது. பேட்ஸ்மேன் பக்கம் 138இல் 22 போக 116 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கணக்கு நேர். பெனால்டி ரன் ஐந்து எதுவும் கொடுத்திருந்தால் அதுவும் பவுலர் கணக்கில் சேராது, பேட்ஸ்மேன் கணக்கிலும் சேராது.

கலப்புப் பந்துகளில்தான் பலர் வழுக்குவார்கள். வைடு பந்தைக் கீப்பர் விட்டு அது பவுண்டரிக்குப் போனால் ஐந்தும் வைடுதான், ஐந்தும் பவுலர் தலையில். வைடில் பை என்று ஒன்றில்லை. நோ பாலில் அப்படியல்ல. நோ பால் மட்டையில் படாமல் நான்கு போனால், நோ பால் ஒன்று பவுலருக்கு, மீதி நான்கு பை. 2017 அக்டோபரில் விதி மாறியதிலிருந்து இப்படித்தான். அதற்கு முன் ஐந்தையும் நோ பாலாகவே எழுதினார்கள். பழைய கை இன்னும் அப்படியே எழுதும், சண்டை போடாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

இனி அந்த ஃபோர். கூட்டல் சரியாக இருந்தாலும் உங்கள் புத்தகத்தில் உறுத்துவது அதுதான். லெக் பை கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. பேட்ஸ்மேன் பந்தை மட்டையால் ஆட முயன்றிருக்க வேண்டும், அல்லது அடிபடாமல் தப்பிக்கப் பார்த்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். பவுன்சருக்குக் குனிந்தவரின் தோளில் பட்டு ஓடினால் லெக் பை உண்டு. மட்டையைத் தூக்கி ஒதுக்கிவிட்டுக் காலை மட்டும் நீட்டினால் கிடையாது. பந்து பவுண்டரியைத் தொட்ட உடனே அம்பயர் டெட் பால் காட்டி நான்கையும் ரத்து செய்ய வேண்டும். ஓடி எடுத்திருந்தால் முதல் ரன் முடியும்வரை பொறுத்திருந்து, அப்புறம் டெட் பால் சொல்லி பேட்ஸ்மேன்களைப் பழைய இடத்துக்கே அனுப்ப வேண்டும். ஏன் பொறுக்க வேண்டும்? ஓடும்போதே ஃபீல்டிங் அணி ரன் அவுட் செய்யலாம், அந்த வாய்ப்பைப் பறிக்கக் கூடாது. ரன் ரத்தானாலும் பந்து ஓவரில் எண்ணப்படும்.

நீங்கள் சொல்வது அப்படியே நடந்திருந்தால் அந்த நான்கு வந்திருக்கவே கூடாது, மொத்தம் 134. ஆனால் ஆட முயன்றாரா இல்லையா என்று தீர்மானிப்பது அம்பயர் மட்டுமே. பெவிலியனிலிருந்து பார்க்கும் ஸ்கோரர் அதைச் சொல்ல முடியாது. பைக்கு அம்பயர் திறந்த கையைத் தலைக்கு மேல் தூக்குவார், லெக் பைக்கு முழங்காலை உயர்த்தித் தொடுவார். எதுவும் காட்டாமல் பந்து பவுண்டரிக்குப் போனால், நீங்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் தப்பு என்றால் அது மட்டும்தான்.

டி.ஆர்.எஸ். இருக்கும் பெரிய ஆட்டங்களில் லெக் பை மறைந்துபோக இன்னொரு வழியும் உண்டு. 2024 ஜூனில் நியூயார்க்கில் நடந்த டி20 உலகக் கோப்பை ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா 113 எடுத்தது. வங்கதேசம் துரத்தும்போது பார்ட்மன் வீசிய பந்து மஹ்மதுல்லாவின் பேடில் பட்டு ஃபைன் லெக் பவுண்டரிக்கு ஓடியது. அம்பயர் எல்.பி.டபிள்யூ. கொடுத்துவிட்டார். ரிவ்யூவில் பந்து லெக் ஸ்டம்பைத் தவறவிடுவது தெரிந்தது, முடிவு மாறியது. ஆனால் அவுட் கொடுத்த நொடியிலேயே பந்து செத்துவிட்டதால் அந்த நான்கு ரன் கிடைக்கவில்லை. வங்கதேசம் 109இல் நின்றது, தோற்றதும் நான்கு ரன்னில்.

உங்கள் மேட்சில் ரிவ்யூ இல்லை, ஆனால் அம்பயர் இருக்கிறார். அடுத்த முறை அவர் கையைப் பார்த்த பிறகு முக்கோணம் போடுங்கள். போட்டதும் நீங்களும் கையை உயர்த்திக் காட்டுங்கள், இல்லையென்றால் அவர் அடுத்த பந்தை வீச விடாமல் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்.