கோட்டை வாசலில் எத்தனை பேர் நிற்கலாம்?

"திருகோணமலையில் எங்கள் வட்டம் சனிக்கிழமை காலைகளில் பிரெட்ரிக் கோட்டை வாசலில் தொடங்கி, கோணேசர் கோயில் வழியாக இராவணன் வெட்டு வரை வழிகாட்டி நடை நடத்தப் போகிறது. வழிகாட்டிகள் மூன்று பேர். ஒருவருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும், ஒருவருக்குத் தமிழ் மட்டும், ஒருவருக்குச் சிங்களம். நடை 75 நிமிடம். குழுவுக்கு 25 பேர், அரை மணிக்கு ஒரு குழு என்று யோசிக்கிறோம். மொழிகளை எப்படிப் பிரிப்பது? ஒரே குழுவில் இரண்டு மொழியில் சொன்னால் என்ன?" — உப்புவெளி வாசகி

முதலில் 25ஐ 15 ஆக்குங்கள். உங்கள் பாதையில் 40 பேர் கூட நடக்கலாம், அது சரிதான். ஆனால் குழுவின் அளவை நடக்கும் பாதை தீர்மானிப்பதில்லை, நின்று பார்க்கும் இடங்களில் மிகக் குறுகியது எதுவோ அதுதான் தீர்மானிக்கும். உங்களுக்கு அது கோட்டை வாசல். வாசல் கல்லில் இருக்கும் இணைக்கயல் என்ற இரட்டை மீன் சின்னத்தையும், குளக்கோட்ட மன்னனின் கோயில் திருப்பணியைப் பறங்கியர் பிரிப்பதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டையும் கிட்ட நின்றால்தான் பார்க்க முடியும். அதே வாசலால்தான் கோயிலுக்குப் போகிற வான்களும் ஓட்டோக்களும் போகின்றன. ஒவ்வொரு வாகனத்துக்கும் குழு சுவரோரம் ஒதுங்க வேண்டும்.

நான் ஒருமுறை 28 பேரை அங்கே நிறுத்திப் பேசினேன். முன்வரிசை மீன்களைத் தேடிக்கொண்டிருந்தது, பின்வரிசை கோட்டைக்குள் மேயும் மான்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. பேசி முடித்த பிறகு பின்னால் நின்ற ஒரு அம்மா, "எந்தக் கல்லைச் சொன்னீங்கள் தம்பி?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் சோதனை இதுதான். வாசலில் பேசி முடித்ததும் கடைசியில் நிற்பவரிடம் மீனைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாவிட்டால் குழு பெரிது. ஒலிபெருக்கி இல்லாமல் இரண்டு வரிசையாக நின்று கேட்க 15 பேர் அளவானது. நடக்கிற பிள்ளைகளையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது இடைவெளி. ஒரு வழிகாட்டி 75 நிமிடம் நடக்கிறார். பிறகு வாசலுக்குத் திரும்பி வர 15 நிமிடம், தண்ணீர் குடித்து மூச்சு வாங்க 10 நிமிடம் வையுங்கள். ஆக, அவரை அடுத்த குழுவுடன் அனுப்ப 100 நிமிடம் ஆகும். மூன்று பேரால் வகுத்தால் 33 சொச்சம் வருகிறது, அதை 35 என்று வைத்துக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒரு குழு என்றால் நான்காவது வழிகாட்டி வேண்டும். அவர் இல்லாமல் நடத்தினால் மூன்றாவது குழு வரை எல்லாம் நேரத்துக்குப் போகும். நான்காவது குழு வாசலில் நின்று யார் வரப்போகிறார் என்று வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்போது மொழி. ஒரே குழுவில் இரண்டு மொழி வேண்டாம். வாசலில் 12 நிமிடம் பேசுவது 20க்கு மேல் போய்விடும், மற்ற இடங்களிலும் அப்படியே நீளும், வழிகாட்டி அடுத்த குழுவுக்கு நேரத்தோடு திரும்ப மாட்டார். அதைவிட எனக்குப் பெரிய கவலை இராவணன் வெட்டு. ஒரு மொழியில் பேசும்போது மற்ற மொழிக்காரர் சும்மா நிற்க மாட்டார்கள், மெல்ல நகர்வார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள். கீழே செங்குத்தாகக் கடல். அங்கே எல்லோருடைய கண்ணும் காதும் வழிகாட்டியிடம்தான் இருக்க வேண்டும்.

எனவே ஒரு வேளைக்கு ஒரு மொழி. உங்கள் மூவரை வைத்தே ஒரு சனிக்கிழமையைப் போட்டுப் பார்ப்போம். 6.30க்குத் தமிழ், தமிழ் மட்டும் தெரிந்தவர் போகிறார். 7.05க்கு ஆங்கிலம், இரண்டும் தெரிந்தவர். 7.40க்குச் சிங்களம். 8.10க்கு முதலாமவர் தயாராகிவிடுவார், 8.15க்கு மறுபடி தமிழ். 8.50க்கு இரண்டாமவர், அதுவும் தமிழ். 9.25க்குச் சிங்களம், அது 10.40க்கு முடியும். ஆறு வேளை, 90 பேர். இதற்குப் பிறகு காலையில் குழு அனுப்பாதீர்கள். கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும், வெயில் ஏறிய கல்லில் வெறுங்காலோடு நிற்பவருக்குக் கதை காதில் ஏறாது.

8.15ஐயும் 8.50ஐயும் அடுத்தடுத்துத் தமிழாக வைத்தது காரணத்தோடுதான். நம்மவர்கள் தனியாக வருவது குறைவு. மட்டக்களப்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒரு வான் நிறைய, சித்தப்பா குடும்பம், பெரியம்மா குடும்பம் என்று 22 பேர் வருவார்கள். 15 பேருக்குத்தான் இடம் என்றால் மிச்சம் 7 பேர் எங்கே போவது? அடுத்த வேளை சிங்களம் என்றால் அவர்கள் 70 நிமிடம் காத்திருக்க வேண்டும். அடுத்ததும் தமிழ் என்றால் 11, 11 ஆகப் பிரித்து அனுப்பலாம், ஒவ்வொன்றிலும் வேறு 4 பேருக்கு இடமும் மிஞ்சும்.

8.50 வேளை உங்களுக்கு இன்னொரு விதத்திலும் கைகொடுக்கும். அதை நடத்துபவருக்கு ஆங்கிலமும் தெரியும் அல்லவா? முதல்நாள் மாலை 6 மணிக்குத் தமிழில் ஒருவரும் பதியாமல், ஆங்கிலத்தில் 6 பேராவது காத்திருந்தால் அதை ஆங்கிலமாக மாற்றுங்கள். முதலில் பதிபவரின் மொழியே அந்த வேளையின் மொழி என்று மட்டும் விதி வைக்காதீர்கள். இரண்டு பேர் வந்து 13 இடங்களைப் பூட்டிவிடுவார்கள்.

மொழிக்கு மொழி நடையின் நீளமும் மாறும், இதைப் பலர் யோசிப்பதில்லை. தமிழ்க் குழு வாசலில் கூடுதல் நேரம் எடுக்கும். கல்லில் இருப்பது தங்கள் எழுத்து என்று தெரிந்ததும் ஆளாளுக்கு எழுத்துக் கூட்டத் தொடங்குவார்கள், ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போவார். அவர்களை அவசரப்படுத்தக் கூடாது, அந்த நேரத்துக்காகத்தானே வந்தார்கள். ஆங்கிலக் குழு வாசலை விரைவாகக் கடக்கும், ஆனால் கோயிலில் நிற்கும். 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கல் எப்படிக் கோட்டைக்குள் வந்தது என்பதை அவர்களுக்கு அடியிலிருந்து சொல்ல வேண்டும். ஆகவே 75 நிமிடத்தை மூன்று மொழியிலும் தனித்தனியே நடந்து அளந்து பாருங்கள். தமிழ் நடை 80 நிமிடத்தைத் தாண்டினால் இந்த அட்டவணை இடிக்கும், அப்போது இடைவெளியை 40 ஆக்குங்கள்.

பதிவுப் படிவத்தில் "உங்கள் மொழி எது" என்று கேட்காதீர்கள், "எந்த மொழியில் கேட்க விரும்புகிறீர்கள்" என்று கேளுங்கள். கனடாவிலிருந்து வரும் தமிழ்க் குடும்பம் முதல் கேள்விக்குத் தமிழ் என்று எழுதிவிடும், நடையில் பேரப்பிள்ளைகள் முழித்துக்கொண்டு நிற்பார்கள். சீட்டில் மொழியை நேரத்துக்கு முன்னால், பெரிதாகப் போடுங்கள்: "சிங்களம், 7.40". நேரத்தை மட்டும் பார்த்து வருபவர்கள்தான் வாசலில் சண்டை பிடிப்பார்கள்.

போயா நாள் சனிக்கிழமையில் விழுந்தால் 8.50ஐச் சிங்களத்துக்குக் கொடுங்கள், ஆனால் சிங்களம் பேசும் இன்னொருவர் அன்று வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டார் கூடுவார்கள், அப்போது 6.30ஐ ஆங்கிலத்துக்கும் 7.05ஐத் தமிழுக்கும் மாற்றலாம். வழிகாட்டி இருவரும் இடம் மாறினால் போதும். அதற்கு ஏற்ப 8.15க்கும் 8.50க்கும் ஆட்கள் மாறுவார்கள். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் எந்த மாற்றத்தையும் முன்கூட்டியே அவர்களிடமும் கோயில் நிர்வாகத்திடமும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், மேசையில் ஒரு கொப்பி வையுங்கள். இடமில்லாமல் திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேர், எந்த மொழியில் கேட்டார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று மட்டும் அதில் எழுதுங்கள். வந்தவர்களின் கணக்கு உங்கள் அட்டவணையைத்தான் திருப்பிக் காட்டும். நாலு சனிக்கிழமை போன பிறகு அந்தக் கொப்பியைப் பார்த்து மொழிகளை மாற்றுங்கள்.