பேச முடியாதவருக்கு வலி இருக்கிறதா? மருந்து அதிகமாகிவிட்டதா?

*பக்கவாதத்தில் பேச்சுப் போன அம்மாவுக்கு வயது 78. மார்பகப் புற்றுநோய் இடுப்பெலும்பு வரை பரவியிருக்கிறது. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 மி.கி. மார்ஃபின் மாத்திரை கொடுக்கிறோம். அமைதியாகப் படுத்திருக்கிறார். வலி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?*
— வாசகி, கோத்தகிரி

படுத்திருக்கும்போது பார்த்து முடிவு செய்யாதீர்கள். எலும்பில் இருக்கும் வலி பெரும்பாலும் உடம்பை அசைக்கும்போதுதான் நன்றாகத் தெரியும். திருப்பிப் படுக்கவைக்கும்போதும், துடைத்துவிடும்போதும் பாருங்கள்.

பேச முடியாதவர்களுக்கு பெயினாட் என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். மூச்சு, முனகல், முகம், உடம்பு, சமாதானப்படுத்தினால் அடங்குகிறாரா என்று ஐந்து விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். நீங்கள் எழுதி அனுப்பிய குறிப்பை வைத்தே போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கையில் உடம்பு கொஞ்சம் விறைப்பு, மொத்தம் 1. இடப்பக்கம் திருப்பும்போது மூச்சு வாங்குகிறார் (1), ஓரிரு முறை முனகுகிறார் (1), முகத்தைச் சுளிக்கிறார் (2), உங்கள் கையைத் தள்ளுகிறார் (2), தலையைத் தடவினால் அடங்குகிறார் (1). ஆக 7. இது கண்டிப்பாகக் கவனிக்க வேண்டிய வலி.

பக்கவாதம் வந்தவரிடம் ஒன்றை மறக்கக் கூடாது. செயலிழந்த பக்கத்து முகம் சுளிக்காது, அந்தக் கை தள்ளாது. நல்ல பக்கத்தில் நின்று புருவத்தையும் விரல்களையும் பாருங்கள்.

மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து உடம்பு துடையுங்கள், வேலை செய்யும் நேரம் அதுதான். அப்போது திரும்ப மதிப்பெண் போடுங்கள். 2க்கு வந்தால் மருந்து பிடிக்கிறது. 6லேயே நின்றால் அளவை மாற்றச் சொல்லி மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். ஆனால் இந்த 7, பேசுகிறவர் ‘பத்துக்கு ஏழு வலிக்கிறது’ என்று சொல்வதற்குச் சமம் அல்ல. பயத்தாலும் முட்டிய மூத்திரப்பையாலும்கூட எண் ஏறும். உங்கள் அம்மாவின் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடத்தான் இது உதவும்.

*அப்பாவின் மார்பில் ஃபென்டனில் என்ற வலி மருந்துப் பட்டை ஒட்டியிருக்கிறோம். ஊட்டிக் குளிருக்கு ஹாட் வாட்டர் பேக் வைத்துப் போர்த்தியதிலிருந்து தூங்கிக்கொண்டே இருக்கிறார். குளிர்தான் காரணமா?*
— வாசகர், உதகமண்டலம்

பையை உடனே எடுத்துவிடுங்கள். பட்டையிலிருந்து மருந்து தோல் வழியாக மெல்ல மெல்ல 72 மணி நேரம் இறங்க வேண்டும். சூடு பட்டால் அது வேகமாக இறங்கிவிடும். மின்கம்பளி, ஹீட்டர் பக்கத்தில் படுப்பது, கடுமையான காய்ச்சல், எல்லாமே அப்படித்தான். மலையில் இந்தச் சிக்கலை அதிகம் பேசவேண்டியிருக்கிறது.

பெயரைச் சொல்லி, தோளைத் தட்டி எழுப்பிப் பாருங்கள். பிறகு, அவர் தொந்தரவில்லாமல் இருக்கையில், மார்பு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள், இந்த மருந்தில் மூச்சு விட்டுவிட்டு வரும். கண் திறந்து பார்த்து, 12 மூச்சு இருந்தால் மருத்துவருக்குப் போன் செய்து சொல்லுங்கள், எண்ணுவதையும் தொடருங்கள். எழுப்ப முடியவில்லை, அல்லது மூச்சு 8க்குக் கீழே, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது என்றால் பட்டையைப் பிய்த்துவிட்டு 108ஐ அழையுங்கள். பிய்த்த பிறகும் தோலில் தங்கிய மருந்து பல மணி நேரம் இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் ‘எடுத்தாச்சு, சரியாகிவிடும்’ என்று இருந்துவிடாதீர்கள். இந்த அபாயம் திடீரென்று வருவது அரிது. தூக்கம் முதலில் ஆழமாகும், அப்புறம்தான் மூச்சு குறையும். எழுப்புவது கடினமாகிறது என்பதே முதல் எச்சரிக்கை மணி.

அறையில் கரிக் கணப்பு எரிகிறதா என்றும் பாருங்கள். மூடிய அறையில் அந்தப் புகையும் ஆளை மயக்கும், பக்கத்தில் இருப்பவருக்கும் தலைவலி வரும்.

*மார்ஃபின் கூட்டியும் பாட்டி அமைதியாகவில்லை. கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, தொட்டாலே கத்துகிறார். இன்னும் கூட்டலாமா?*
— வாசகர், கூடலூர்

கூட்டாதீர்கள். இது வலியாக இல்லாமல் மருந்து தேங்குவதாக இருக்கலாம். மார்ஃபினின் கழிவுப்பொருள்கள் சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை. வயதானவர், தண்ணீர் குடிக்காதவர், சிறுநீரகம் தளர்ந்தவர் உடம்பில் அவை சேர்ந்து வெட்டு இழுப்பையும் குழப்பத்தையும் கொண்டுவரும். அதை வலி என்று நினைத்துக் கூட்டினால் இன்னும் மோசமாகும். நேற்று எத்தனை முறை சிறுநீர் போனார் என்று குறித்துக்கொண்டு இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். நீங்களாகவே ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள்.

*மலம் போய் நாலு நாள். வலி மருந்தினாலா?*
— வாசகி, குன்னூர்

ஆமாம், அப்படித்தான் இருக்கும். குமட்டலும் தூக்கமும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. மார்ஃபின் தொடங்கிய அன்றே பிசகோடில் போன்ற மலமிளக்கியும் தொடங்கியிருக்க வேண்டும். பேச முடியாதவர் இரவெல்லாம் புரண்டால் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகப் போனாலும் மலமிளக்கியை நிறுத்தாதீர்கள், கட்டிய மலத்தைச் சுற்றிக் கசிவதாக இருக்கலாம். மலக்குடலில் மலம் இறுகிக் கிடக்கிறதா என்று செவிலியர் பார்த்துச் சொல்வார்.