ஐ.வி. சரிவுக்கு ஸ்ப்ரெட் மருந்தா?

"ஐயா, ஒரு அமெரிக்கப் பங்கின் காலாண்டு முடிவுக்கு முந்தைய நாள் ஸ்ட்ராடல் வாங்கினேன். பங்கு 5 விழுக்காடு ஏறியும் நஷ்டம். டெபிட் ஸ்ப்ரெட் வாங்கியிருந்தால் அடி குறைந்திருக்கும் என்கிறார் வகுப்பு நடத்துபவர். நம்பலாமா?" — வாசகி, பட்டர்வொர்த்

குறைந்திருக்கும். ஆனால் ஸ்ட்ராடலுக்குத் திசை வேண்டாம், ஸ்ப்ரெட்டுக்கு வேண்டும். அதை அவர் சொன்னாரா?

பங்கு 100 டாலர், அதே வாரம் காலாவதி என்று வைத்துக்கொள்வோம். பங்கை 100 டாலருக்கு வாங்கும் உரிமையான 100 ஸ்டிரைக் கால் ஆப்ஷன் 4 டாலர், அதே விலைக்கு விற்கும் உரிமையான புட் ஆப்ஷன் 4 டாலர். ஒரு கான்ட்ராக்டுக்கு 100 பங்கு, ஆக இரண்டையும் சேர்த்து வாங்கும் ஸ்ட்ராடல் 800 டாலர். அதில் பெரும்பகுதி, முடிவு எப்படி இருக்குமோ என்ற பதற்றத்துக்குக் கட்டும் விலை. முடிவு வந்துவிட்டால் பதற்றம் தீர்ந்தது; பங்கு எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் விலைக்குள் ஒளிந்திருக்கும் எதிர்பார்ப்பான ஐ.வி. ஒரே இரவில் சரியும். பங்கு 105-இல் திறந்தால் கால் ஏறக்குறைய 5.20, புட் 20 சென்ட். கையில் 540 டாலர், 260 போச்சு.

இப்போது டெபிட் ஸ்ப்ரெட்: அதே 100 கால் ஆப்ஷனை வாங்கி, 105 கால் ஆப்ஷனை 2 டாலருக்கு விற்றால் செலவு 200 டாலர். ஊதிப்போன விலையில் ஒன்றை வாங்கி, ஊதிப்போன விலையிலேயே இன்னொன்றை விற்றிருக்கிறீர்கள். ஐ.வி. விழும்போது விற்ற காலின் விலையும் இறங்குவதால் அடியில் ஒரு பகுதி ஈடாகிறது. 105-இல் திறந்தால் விற்ற கால் 1.50 போல இருக்கும், ஸ்ப்ரெட் 3.70; லாபம் 170 டாலர். பங்கு 95-க்குப் போனால்? 200 டாலரும் கிட்டத்தட்ட காலி. 115-க்குப் பறந்தால் ஸ்ட்ராடல் 700 சம்பாதிக்கும், உங்களுக்கு 300-க்கு மேல் கிடையாது.

"இரண்டு பக்கமும் லாபம்" என்று டெலிகிராமில் கூவுகிறவர்களின் படத்தில் இந்த 95 வரவே வராது. பணம் வாங்கி ஆலோசனை சொல்பவரிடம் செக்யூரிட்டீஸ் கமிஷன் உரிமம் கேளுங்கள், அதன் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள். பட்டியலில் பெயர் ஏறுவதற்குள் எத்தனை பேர் பணம் கட்டிவிடுகிறார்களோ, எனக்கு அலுத்துவிட்டது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். காலாவதி நாளில் பங்கு 103-இல் நின்றால் நீங்கள் வாங்கிய 100 கால் தானாகவே பங்காக மாறும், விற்ற 105 கால் வீணாகும். ஸ்ப்ரெட்டுக்கு 200 டாலர் போட்டவர் 100 பங்குக்கு 10,000 டாலர் கட்ட வேண்டிய நிலை. கணக்கில் பணம் இல்லையென்றால் புரோக்கர் தன் வசதிக்கு விற்றுவிடுவார், திங்கட்கிழமை விலை எங்கே திறந்தாலும் அது உங்கள் தலையில். நியூயார்க்கில் வெள்ளி மாலை என்பது நமக்குச் சனிக்கிழமை விடியற்காலை நான்கு, குளிர்காலத்தில் ஐந்து மணி. அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டாம். முடிவு வந்தபின் சந்தை திறக்கும் முதல் இரவு, திறந்து அரை மணி நேரம் போகட்டும், அப்புறம் இரண்டு கால் ஆப்ஷனையும் ஒரே லிமிட் ஆர்டரில் மூடிவிடுங்கள். தனித்தனியாக மூடினால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை இரண்டு தடவை கட்டுவீர்கள்.